மூடினாலும் நிற்காத கேட் வால்வு: உள்ளே தேய்வது எது, எதுவரை சரிசெய்யலாம்

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் 1 அங்குலக் குழாயில் பித்தளை கேட் வால்வு ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் பழையது. முழுவதும் மூடினாலும் கீழே நூல்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில நாட்களாகக் கைப்பிடிக்கு அடியில், தண்டைச் சுற்றியும் சொட்டுகிறது. ரெஞ்ச் போட்டு இறுக்கிப் பார்க்கலாமா? பழுதுபார்க்க முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: ரெஞ்ச் போட்டுக் கைச்சக்கரத்தை இறுக்க வேண்டாம். கையால் இறுக்கி நிற்காத நீர் ரெஞ்சால் இறுக்கினாலும் பெரும்பாலும் நிற்பதில்லை. அதற்குள் தண்டின் புரி வழுக்கிவிடும் அல்லது தண்டே முறிந்துவிடும். மூடிய நிலையில் முறிந்தால் வீட்டுக்குத் தண்ணீர் வராது, பாதி திறந்த நிலையில் முறிந்தால் தொட்டி காலியாகும்வரை தண்ணீரை நிறுத்த முடியாது. குழாய்ப் பராமரிப்பில் நான் கழித்த ஆண்டுகளில் உடைந்த தண்டுகளாகப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தேய்மானத்தால் உடைந்தவை அல்ல, யாரோ நீளமான பிடி போட்டுத் திருகியதால் உடைந்தவை.

நீங்கள் சொல்லும் இரண்டு கசிவுகளும் ஒரே வால்வில் இருந்தாலும் ஒரே பழுது அல்ல. கீழே ஓடும் நீர், வால்வின் வயிற்றுக்குள் ஆப்பும் அது அமரும் வளையங்களும் சேராததால் வருகிறது. தண்டைச் சுற்றிச் சொட்டுவது, மேலே கிளாண்ட் நட்டுக்குள் தண்டைச் சுற்றி நீர் ஏறாமல் அடைக்கும் கயிறு, அதாவது பேக்கிங், தளர்ந்ததால் வருகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. நெடுநாள் அசையாமல் இருந்த தண்டில் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருக்கும்; மூடவில்லையே என்று நாம் நாலைந்து முறை திருகும்போது அந்தச் சொரசொரப்பு காய்ந்துபோன பேக்கிங்கை அரித்துக்கொண்டு போகும். ஆகவே தண்டுக் கசிவு அநேகமாக உங்கள் முயற்சியின் விளைவு. அதைச் சரிசெய்வது எளிது. மூடாமை சரியாகுமா என்பது உள்ளே எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வால்வைக் கழற்றுமுன்பே அதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் உள்ளமைப்பு. கேட் வால்வில் நீரை அடைப்பது ஓர் ஆப்பு. அதன் இரு முகங்களும் கீழ்நோக்கிக் குறுகும்படி சற்றே சாய்ந்திருக்கும். சாய்வு பொதுவாக ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 5 பாகை. உடலுக்குள் அதே சாய்வில் இரண்டு சீட் வளையங்கள் எதிரெதிராக இருக்கின்றன. விறகில் ஆப்பு இறங்குவதுபோல இது அவற்றுக்கிடையே இறங்கி இறுகுகிறது. நீங்கள் திருகும்போது கைச்சக்கரம் மேலும் கீழும் நகராமல் ஒரே உயரத்தில் சுற்றினால், தண்டு சுற்ற மட்டுமே செய்கிறது என்று பொருள். அதன் கீழ்ப்பகுதியில் உள்ள புரியில் ஆப்புதான் ஏறி இறங்குகிறது. வீட்டளவுப் பித்தளை வால்வுகளில் பெரும்பாலும் இந்த வகைதான். சக்கரத்தோடு தண்டும் வெளியே எழும்பினால் அது வேறு வகை. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அதற்கும் பொருந்தும்.

பலர் கவனிக்காத ஒரு செய்தி இங்கே உண்டு. இரண்டு சீட்டுகள் இருந்தாலும் உண்மையில் நீரைத் தடுப்பது, நீர் வெளியேறும் பக்கத்துச் சீட்தான். உள்வரும் நீர் ஆப்பை அந்தப் பக்கமாகத் தள்ளி அழுத்துகிறது. தொட்டிப் பக்கத்து முகத்தில் நுண்ணிய இடைவெளி விழுந்து, நீர் அதன் வழியே வால்வின் மேலறைக்குள் புகுந்து நிற்கிறது. அதனால் வால்வை மூடிவிட்டால் தண்டுக் கசிவு நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மூடியிருக்கிறதே என்று நம்பிக் கிளாண்ட் நட்டைக் கழற்றவும் கூடாது. கழற்றினால் தொட்டி நீர் தண்டைச் சுற்றிப் பீறிடும்.

தொட்டி வீடுகளில் இதற்கு இன்னொரு விளைவும் இருக்கிறது. நீர்மட்டம் வால்வுக்கு மேலே 3 மீட்டர் என்று கொள்வோம். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோ. 25 மில்லிமீட்டர் துளையின் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்டிமீட்டர். ஆக, நீர் ஆப்பைச் சீட்டின்மேல் அழுத்தும் விசை ஒன்றரைக் கிலோ அளவுதான். பம்பு நேரடியாகத் தள்ளும் குழாயில் அழுத்தம் 4 கிலோ இருந்தால் அதே வால்வில் அந்த விசை 20 கிலோவாகும். உலோகம் உலோகத்தின்மேல் அமரும் இத்தகைய வால்வுக்கு நீரின் அழுத்தமே ஓரளவு உதவுகிறது. தொட்டிக் குழாயில் அந்த உதவி மிகக் குறைவு. அதனால்தான் ஒரு மணல் துகளோ மெல்லிய படிவோ போதும், நீர் நூலாக ஓடத் தொடங்கிவிடுகிறது. சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் அதைக் குறை என்றே நான் சொல்லமாட்டேன். பழைய உலோகச் சீட் வால்வு அப்படித்தான் இருக்கும். நூலாக ஓடினால் அது பழுது.

இப்போது கண்டுபிடிக்கும் வழி. வால்வை முழுவதும் திறந்து, அங்கிருந்து மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். கடைசியில் கைக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் வால்வின் புரி ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் நகர்த்துமானால் 25 மில்லிமீட்டர் துளையை மூட 8 சுற்றுக்குச் சற்று மேல் ஆகும். புரியின் அளவு வால்வுக்கு வால்வு மாறும் என்பதால் இந்த எண்ணையே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் அதே மாதிரியில் நன்றாக மூடும் வால்வு ஒன்று இருந்தால் அதன் சுற்றுகளோடு ஒப்பிடுங்கள்.

சக்கரம் சற்று முன்னதாகவே நின்று, அழுத்தினால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, விட்டால் பின்வாங்குவதுபோல் இருந்தால், ஆப்புக்கு அடியில் ஏதோ இருக்கிறது. கேட் வால்வின் அடிவயிற்றில் ஆப்பின் முனை இறங்குவதற்கு ஒரு குழி உண்டு. தொட்டியிலிருந்து வரும் மணல், துருச் செதில், சுண்ணாம்புத் துகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். சக்கரம் உரிய சுற்றுகளை முடித்து, கல்லில் மோதியதுபோலத் திட்டவட்டமாக நின்று, அப்போதும் நீர் அதே அளவில் ஓடினால், முகங்களோ சீட்டோ கீறப்பட்டிருக்கின்றன அல்லது அரிக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து, நீரின் அளவு மாறவே இல்லையென்றால், புரி தேய்ந்து போயிருக்கிறது அல்லது ஆப்பு தண்டிலிருந்து விடுபட்டுவிட்டது. கடைசி வகையில் வெளியிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை. முதல் இரண்டையும் பிரித்தறிவதில்தான் சில நேரம் கை ஏமாற்றும். கெட்டியான சுண்ணாம்புப் படிவின்மேல் ஆப்பு அமர்ந்தாலும் கல்லில் மோதியதுபோலவே இருக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் அடியில் அழுக்கு என்றே கொண்டு முதலில் கழுவிப் பார்ப்பது நல்லது. அதற்குச் செலவு இல்லை.

உங்கள் வால்வில் நீர் நூலாகத்தான் ஓடுகிறது என்பதும் ஒரு சான்று. 5 பாகைச் சாய்வில், ஆப்பு முழுமையாக அமர 1.5 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தால் முகத்துக்கும் சீட்டுக்கும் இடையே விழும் இடைவெளி 0.13 மில்லிமீட்டர்தான். அதாவது அடிக்குழியில் ஓர் அரிசியின் கனத்துக்குப் படிவு இருந்தாலே நீங்கள் சொல்லும் அளவு ஓட்டம் வந்துவிடும். அது கடைசி அரைச் சுற்றுக்குள் நடக்கும் விஷயம். ஆகவே சீட் போய்விட்டது என்று முடிவுகட்ட இப்போதே அவசரம் வேண்டாம்.

கழுவும் முறை இது. கீழே அகலமான குழாய் ஒன்றை முழுவதும் திறந்து வையுங்கள். ஷவர், வடிகட்டி, குழாய் முனையில் உள்ள சல்லடை ஆகியவற்றை முன்னதாகக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வெளியேறும் அழுக்கு அங்கே போய் அடைக்கும். வால்வைக் கைக்குத் தடுக்கும்வரை மூடுங்கள். பிறகு அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை மட்டும் திறந்து அரை நிமிடம் விடுங்கள். ஆப்புக்கு அடியில் அந்தக் குறுகிய இடுக்கில் நீர் வேகமாகப் பாய்ந்து குழியில் கிடப்பதை வாரிக்கொண்டு போகும். முழுவதும் திறந்து வைத்தால் இந்த வேகம் கிடைக்காது. மீண்டும் மூடுங்கள், மீண்டும் சற்றுத் திறங்கள். ஐந்தாறு முறை செய்யும்போது ஒவ்வொரு முறையும் சக்கரம் சற்றுக் கூடுதலாக இறங்கினால் அழுக்கு போகிறது என்று பொருள். தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது செய்தால் வேகம் கூடும். தொடங்குமுன் மூடிய நிலையில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் வருகிறது என்று ஒரு குவளையில் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். குறைகிறதா என்பதைக் கண்ணை நம்பிச் சொல்ல முடியாது.

கழுவியும் அளவு குறையவில்லையென்றால் உள்ளே தேய்மானம் என்று கொள்ளலாம். இதற்கு மிகப் பொதுவான காரணம், வால்வைப் பாதி திறந்து வைத்து நீரின் அளவைக் கட்டுப்படுத்துவது. கேட் வால்வு முழுவதும் திறக்கவோ முழுவதும் மூடவோ செய்யப்பட்டது. பாதித் திறப்பில் ஆப்பின் கீழ்விளிம்பையும் சீட்டின் கீழ்ப்பகுதியையும் நீர் நிரந்தரமாக உரசுகிறது. பிடிமானம் இல்லாத ஆப்பு அதிர்ந்து சீட்டில் தட்டிக்கொண்டும் இருக்கும். சில ஆண்டுகளில் கீழ்ப்பகுதியில் மெல்லிய கம்பியால் அறுத்ததுபோல வாய்க்கால்கள் விழுந்துவிடும். ஒரு வாய்க்கால் விழுந்தால் பிறகு மூடியிருக்கும்போதும் நீர் அதன் வழியே ஓடி அதை ஆழமாக்கும்.

இத்தகைய முகங்களை உரசிச் சமன்செய்யலாமா என்று கேட்டீர்களானால், ஓரளவுக்கு முடியும் என்பதே என் பதில். அந்த ஓரளவு எவ்வளவு சிறியது என்பதை ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கட்டடத்தில் 2 அங்குல வெண்கல கேட் வால்வு ஒன்று பல ஆண்டுகள் பாதி திறந்த நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. உடலின்மேல் மூடிபோல இருக்கும் மேலுடலைக் கழற்றி ஆப்பை எடுத்தபோது ஒரு முகத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று கீறல்கள், ஆழமானது 0.2 மில்லிமீட்டர் அளவு இருக்கும். தடித்த கண்ணாடியின்மேல் நீர் உரசுதாளை விரித்து, முதலில் 400 எண், பிறகு 600 எண் தாளில், ஆப்பை எட்டு வடிவில் நகர்த்திக் கீறல் மறையும்வரை தேய்த்தேன். இரு முகங்களும் சமமாக இருக்கட்டும் என்று மற்றதையும் அதே அளவு தேய்த்தேன். முகம் கண்ணாடிபோல வந்தது. மாட்டியபின் நீர் முன்பைவிட அதிகமாக ஓடியது.

காரணம் அந்தச் சாய்வுதான். ஆப்பின் ஒவ்வொரு முகத்திலிருந்தும் ஒரு கனத்தை எடுத்தால், 5 பாகைச் சாய்வில் ஆப்பு அதைப்போல் சுமார் பதினொன்றரை மடங்கு கீழே இறங்கினால்தான் மீண்டும் சீட்டைத் தொடும். 0.1 மில்லிமீட்டர் எடுத்தால் 1.15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். நான் எடுத்தது 0.2, ஆகவே 2.3 மில்லிமீட்டர். அடிக்குழியில் அந்த அளவு இடம் இல்லை. ஆப்பின் முனை உடலின் அடியில் மோதி நின்றுவிட்டது, முகங்கள் சீட்டைத் தொடவே இல்லை. முனையைச் சற்று அரவித் தள்ளி மீண்டும் மாட்டியபோது முகம் தொட்டது. ஆனால் சீட்டின் மேற்பகுதி ஆப்பு முகத்தின் மேல்விளிம்பைத் தாண்டிப்போயிருந்தது. அந்த வால்வை அன்று மாலையே தூக்கி எறிந்தோம்.

அதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. தேய்க்குமுன் ஆப்பின் முகத்தில் பரிசோதனை நீலப்பசையை மெல்லியதாகத் தடவி, உடலில் இறக்கிக் கையால் லேசாக அழுத்தி எடுத்துப் பார்ப்பேன். சீட் தொட்ட இடம் முகத்தில் வளையமாகத் தெரியும். புதிய வால்வில் ஆப்பு சற்று உயரத்தில் அமர்வதால் அந்த வளையம் முகத்தின் கீழ்ப்பகுதியை ஒட்டி இருக்கும். தேயத் தேய ஆப்பு இறங்குவதால் வளையம் மேல்நோக்கி நகரும். வளையம் எங்கும் அறுபடாமல், மேல்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டராவது கீழே இருந்தால், நகத்தால் தடவினால் தட்டுப்படாத நுண்கீறல்களை மட்டும் தேய்த்து எடுக்கலாம். நகம் சிக்கும் ஆழத்துக்குக் கீறல் இருந்தாலோ, வளையம் ஏற்கெனவே மேல்விளிம்பை நெருங்கியிருந்தாலோ தேய்ப்பது வீண் வேலை. சீட் வளையத்திலேயே வாய்க்கால் விழுந்திருந்தால், பெரிய வால்வுகளில் வளையத்தைத் திருகிக் கழற்றி மாற்ற வழி உண்டு. 1 அங்குலப் பித்தளை வால்வில் சீட் உடலோடு ஒன்றாகவே கடையப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வெளிப்படையாகச் சொன்னால், உங்கள் அளவு வால்வுக்கு உரசும் வேலையை நான் பரிந்துரைக்கவில்லை. பழைய மாதிரி என்பதால் மாற்று கிடைக்காத பெரிய வால்வாக இருந்தால்தான் அந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு.

மேலுடலைக் கழற்றும் நிலை வந்தால் தண்டின் நிறத்தையும் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சில நீரில் துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறி, நுண்துளைகள் நிறைந்த செம்பு மட்டும் எஞ்சும். வடிவம் மாறாது, வலிமை போய்விடும். மஞ்சளாக இருக்க வேண்டிய புரி மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ, சுரண்டினால் பொடியாக உதிர்ந்தாலோ, அந்தத் தண்டு இன்றில்லாவிட்டால் அடுத்த முறை முறியும். அப்படிப்பட்ட தண்டுக்குப் புதுப் பேக்கிங் போடுவது வேலையை இரட்டிப்பாக்குவதுதான்.

இனித் தண்டுக் கசிவு. சக்கரத்துக்குக் கீழே முதலில் தெரியும் சிறிய அறுகோணம் கிளாண்ட் நட். அதற்குக் கீழே உள்ள பெரிய அறுகோணம் மேலுடலை உடலோடு பிணைப்பது. சில மாதிரிகளில் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கும், தண்டையே பிடித்து வைத்திருப்பது அதுதான். தொட்டியில் நீர் இருக்கும்போது நீங்கள் தொடக்கூடியது மேலுள்ள சிறியது மட்டும். அதையும் இறுக்கும் திசையில் மட்டும். ஒரு ஸ்பேனரால் பெரிய அறுகோணத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் கிளாண்ட் நட்டை அரைக்கால் சுற்று இறுக்குங்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் இன்னொரு அரைக்கால் சுற்று. ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்; கையால் திருப்பக் கடினமானால் அதற்குமேல் இறுக்கக் கூடாது. அதற்குமேல் இறுக்கினால் காய்ந்த பேக்கிங் தண்டைக் கவ்வி அரிக்குமே தவிர, கசிவை நிறுத்தாது. பெரும்பாலான தண்டுக் கசிவுகள் முதல் கால் சுற்றுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஒரு வாரத்தில் மீண்டும் தொடங்கினாலோ, நட் புரியின் கடைசிவரை இறங்கிவிட்டாலோ உள்ளே அழுத்துவதற்குப் பேக்கிங் மிச்சமில்லை. புதிதாகப் போட வேண்டும்.

அதற்கு வால்வில் நீர் நிற்கக் கூடாது. தொட்டியைக் காலி செய்ய மனமில்லையென்றால், தொட்டிக்குள்ளிருந்து வெளியேறும் துளையை ரப்பர் அடைப்பானால் அடைக்கலாம். நீரின் எடையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அடைப்பானில் கயிறு கட்டி அதன் மறுமுனையைத் தொட்டி வாயில் கட்டிவையுங்கள், பிறகு எடுக்கத் தடவித் திரிய வேண்டாம். கீழே குழாயைத் திறந்து நீர் வடிந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு சக்கரத்தைக் கழற்றுங்கள், பிறகு கிளாண்ட் நட்டையும் அதனடியில் உள்ள சிறு வளையத்தையும் கழற்றுங்கள். பழைய பேக்கிங்கைக் கொக்கிபோல் வளைத்த செப்புக் கம்பியால் துண்டு துண்டாக எடுங்கள். எஃகு ஊசியோ திருப்புளியோ தண்டைக் கீறினால் அந்தக் கீறல் வழியாகவே நீர் ஏறும். மிகப் பழைய வால்வுகளின் பேக்கிங்கில் கல்நார் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல், நனைத்து ஈரமாகவே எடுத்து ஒரு பையில் கட்டி அகற்றுங்கள். பழையதின்மேலேயே புதிதாக ஒரு சுற்றுப் போட்டு மூடுபவர்கள் உண்டு. அடியில் கெட்டிப்பட்டது அசையாது என்பதால் மேலே உள்ளது மட்டும் நசுங்கும், சில வாரங்களில் கசிவு திரும்பும்.

தண்டில் படிவு இருந்தால் நுண்ணிய உரசுதாளை அதைச் சுற்றி வைத்து, சுற்றும் திசையிலேயே தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. பேக்கிங்கின் தடிமன், பேக்கிங் அமரும் குழியின் விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் கிடைக்கும். குழி 16 மில்லிமீட்டர், தண்டு 10 மில்லிமீட்டர் என்றால் 3 மில்லிமீட்டர் கயிறு வேண்டும். கிராஃபைட் ஊட்டிய கயிறு அல்லது டெஃப்லான் கயிறு, இரண்டும் குளிர்நீருக்குப் பொருந்தும். சிறிய வால்வில் கயிற்றை, நட் இறுகும் திசையிலேயே, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில், குழி நிரம்பும்வரை சுற்றலாம். எதிர்த்திசையில் சுற்றினால் நட்டை இறுக்கும்போது கயிறு பிரிந்து மேலே வரும். பெரிய வால்வாக இருந்தால் தண்டைச் சுற்றிச் சாய்வாக வெட்டிய தனித்தனி வளையங்களைப் போட்டு, ஒவ்வொன்றின் வெட்டும் முந்தையதற்கு நேராக வராதபடி திருப்பி வைக்க வேண்டும். கயிறு கையில் இல்லாதபோது டெஃப்லான் நாடாவை முறுக்கிக் கயிறாக்கிப் போடுவதுண்டு; குளிர்நீரில் சிறிய வால்வுக்கு அது நன்றாகவே தாங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அதை நான் தற்காலிகம் என்றே வைத்துக்கொள்வேன்.

நட்டை முதலில் விரலால், பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். நட்டுக்கு இன்னும் இறங்க இடம் மிச்சமிருக்க வேண்டும். பின்னாளில் இறுக்குவதற்கு அதுதான் கையிருப்பு. அடைப்பானை எடுத்து நீர் வந்தபின் வால்வை இரண்டு மூன்று முறை முழுவதும் திறந்து மூடிவிட்டுக் கசிவு இருந்தால் அரைக்கால் சுற்றாக இறுக்குங்கள். புதிய பேக்கிங் முதல் சில நாட்களில் சற்று அமரும், மறுநாள் ஒருமுறை பார்ப்பது நல்லது. இத்தனைக்குப் பிறகும் தண்டின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் கசிந்தால் தண்டில் குழி விழுந்திருக்கிறது அல்லது தண்டு வளைந்திருக்கிறது. எந்தப் பேக்கிங்கும் அதை மறைக்காது.

இப்போது மாற்றுவதா என்ற கேள்வி. கழுவியபின் நீர் நின்று, தண்டுக் கசிவு மட்டும் இருந்தால் பேக்கிங் போட்டால் போதும். கழுவியும் நூலாக ஓடினால், 1 அங்குல வால்வில் மேலுடலைத் திறந்து பார்க்கும் உழைப்பும் மாற்றும் உழைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். தொட்டியை அடைப்பது, நீர் வடிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. நானாக இருந்தால் மாற்றிவிடுவேன். அந்த இடத்தில் பால் வால்வு போடுவது பொருத்தம். மென்மையான சீட் இருப்பதால் தொட்டியின் சிறிய அழுத்தத்திலும் அது முழுமையாக மூடும், கால் சுற்றில் வேலை முடியும். அதையும் பாதித் திறப்பில் வைத்தால் சீட் கெடும். பம்புக் குழாயில் படக்கென்று மூடினால் ஓடிவந்த நீர் மோதிக் குழாயில் அடி விழும். தொட்டிக் குழாயில் அந்தத் தொல்லை குறைவு. துளை முழு அளவுடையதாகப் பார்த்து வாங்குங்கள். குறுகிய துளை உள்ளது தொட்டிக் குழாயில் நீரின் வேகத்தைக் கண்கூடாகக் குறைக்கும்.

மாற்றும்போது பழுதாவது பெரும்பாலும் வால்வு அல்ல, அதன் இருபுறமும் உள்ள குழாய்தான். இரும்புக் குழாயாக இருந்தால் புரியின் அடியில் துருப்பிடித்து மெலிந்திருக்கும். குழாயைப் பிரித்து மாட்ட உதவும் இணைப்பான யூனியன் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். வால்வைத் திருகும்போது குழாயை இன்னொரு பைப் ரெஞ்சால் எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாய்ப் புரியில் சுத்தமான உலோகம் தெரியாமல் கறுத்த செதில்கள் உதிர்ந்தால் அதில் புதிய வால்வைத் திருகாதீர்கள், அந்தத் துண்டுக் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். தொட்டிப் பக்கத்துப் புரி அப்படி இருந்தால், தொட்டியைக் காலிசெய்யாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அடைப்பான் நழுவினால் அங்கே நிறுத்துவதற்கு வேறு எதுவும் இல்லை.